அன்பு வாரமும் வகுப்புச் சார்ட்டும்

கேள்வி: "நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 32 குழந்தைகள். எங்கள் தொடக்கப் பள்ளியில் அன்பு வாரம் நடத்தப் போகிறோம். தினமும் ஒரு சிறு பணி, சுவரில் ஒரு சார்ட். பெயர்களை வரிசையாக எழுதி, பணியை முடித்தவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டலாம், வெள்ளிக்கிழமை அதிக நட்சத்திரம் வாங்கியவருக்குப் பரிசு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். என்னென்ன பணிகள் கொடுக்கலாம்? சார்ட்டை எப்படி அமைத்தால் நன்றாக இருக்கும்?"

பணிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சார்ட்டிலிருந்து பெயர்களை எடுத்துவிடுங்கள், பரிசையும் விட்டுவிடுங்கள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எவ்வளவு அழகான பணிகளைக் கொடுத்தாலும், செவ்வாய்க்கிழமை மதியத்திற்குள் வாரம் போட்டியாக மாறிவிடும். தொடக்க வகுப்புகளில் நீண்ட காலம் பாடம் எடுத்தவன் என்ற முறையில், பெயர் எழுதிய சார்ட்டுகள் என்ன செய்கின்றன என்பதை நேரில் கண்டிருக்கிறேன். முன் பெஞ்சில் இருக்கும் சுறுசுறுப்பான நான்கைந்து பேருக்கு நட்சத்திரம் குவியும். கூச்சமுள்ள குழந்தையின் பெயருக்கு எதிரே வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். அந்தக் குழந்தையும் மற்ற எல்லோரும் வாரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சண்டைக்காரன் என்று வகுப்பே ஏற்கெனவே முடிவு கட்டிய பையனுக்கு, அந்த முடிவு இப்போது சுவரில் எழுத்தில் வந்துவிடும்.

பரிசு செய்யும் கேடு இன்னும் நுட்பமானது. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு எதுவும் சொல்லாமல் முடிவில் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. சில நாட்கள் கழித்து, அதே பேனாக்களைச் சும்மா வகுப்பில் வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. உதவி செய்வதிலும் இதே கதைதான். 2008-இல் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமாசெல்லோ இருவரும் இருபது மாதக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். உதவியதற்குப் பொருள் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பின்னர் பரிசு இல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். வாயால் மட்டும் பாராட்டப்பட்ட குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. எனவே பாராட்டுவதற்குத் தயங்க வேண்டாம். "அதிக நட்சத்திரம் வாங்கினால் இது கிடைக்கும்" என்ற முன்னறிவிப்புதான் ஆபத்து. முழு வகுப்புக்கும் சேர்த்து "நூறு செயல்கள் ஆனால் கொண்டாட்டம்" என்று வைப்பதையும் நான் விரும்பவில்லை. எண்ணிக்கை முன்னால் வந்துவிட்டால், குழந்தைகள் எண்ணிக்கைக்காகவே செயல்களைத் தயாரிப்பார்கள். வேண்டுமென்றே பென்சிலைக் கீழே போட்டு, நண்பனை எடுத்துக் கொடுக்கச் சொல்லும் எட்டு வயதுக் கெட்டிக்காரத்தனம் எல்லா வகுப்பிலும் உண்டு.

அப்படியானால் சார்ட்டில் என்ன இருக்க வேண்டும்? என் விடை இது: செய்தவர் தன்னைப் பற்றி எழுதக் கூடாது, பெற்றவரோ பார்த்தவரோ எழுத வேண்டும். சுவரில் தெரிவது செயல் மட்டும், செய்தவரின் பெயர் தெரியாது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே குழந்தைகளின் கவனம் திசை மாறிவிடுகிறது. நான் என்ன செய்து காட்டலாம் என்று அலைந்த குழந்தை, எனக்கு யார் என்ன செய்தார் என்று கவனிக்கத் தொடங்குகிறது.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல சார்ட்டுகள் இதில்தான் தோற்கின்றன. 56 செ.மீ. உயரமும் 71 செ.மீ. அகலமும் உள்ள முழு சார்ட் பேப்பர் ஒன்றில் உங்கள் வகுப்பின் ஒரு வாரம் அடங்காது. மூன்றாம் வகுப்புக் குழந்தை இரண்டு வரி எழுதச் சுமார் 9 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. உயரமும் உள்ள சீட்டு வேண்டும். அதைவிடச் சிறிதாக்கினால் எழுத்து கோட்டைத் தாண்டிவிடும், குழந்தை சலித்து ஒரே சொல்லோடு நிறுத்திவிடும். ஆகவே இரண்டு சார்ட் பேப்பர்களைப் பக்கவாட்டில் இணைத்து ஒட்டுங்கள். 142 செ.மீ. அகலம் கிடைக்கும். மேலே 6 செ.மீ. கிழமையின் பெயருக்கு விட்டு, ஐந்து பத்திகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 28 செ.மீ. அகலம். ஒரு வரிசைக்கு மூன்று சீட்டுகள், பதினொரு வரிசைகள், மொத்தம் 33 இடங்கள். 32 குழந்தைகளுக்குச் சரியாக இருக்கும். ஒரு ஏ4 தாளிலிருந்து பன்னிரண்டு சீட்டுகள் வெட்டலாம். திங்கள் முதல் வியாழன் வரை 128 சீட்டுகள் தேவை, அதற்குப் பதினொரு தாள்கள் போதும். வெள்ளிக்கிழமைக்கு எழுத்துச் சீட்டு வேண்டாம், அதே அளவில் 32 வெற்று வண்ணச் சீட்டுகளை வெட்டி வையுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சார்ட்டின் அடி விளிம்பு தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மேல் விளிம்பு 136 செ.மீ.க்கு வரும். எட்டு வயதுக் குழந்தை தானே எட்டி ஒட்டலாம், தானே நின்று படிக்கலாம். கரும்பலகைக்கு மேலே, ஆசிரியர் நாற்காலி போட்டு ஒட்டும் உயரத்தில் மாட்டினால் அது வருகிற விருந்தினர்களுக்கான அலங்காரமாகிவிடும். மரம், இதயம், வானவில் போன்ற வடிவங்களை வரைவதில் தடையொன்றும் இல்லை. ஆனால் வரைவதில் செலவழிக்கும் நேரத்தைச் சீட்டின் வாசகத்தை அமைப்பதில் செலவிட்டால் பலன் அதிகம்.

அந்த வாசகம் இதுதான். முன்பக்கத்தில் இரண்டு வரிகளை அச்சிடுங்கள் அல்லது கையால் எழுதுங்கள்: "அப்போது எனக்கு ________." அடுத்த வரி: "ஒருவர் ________." முதல் வரி தேவையைக் கேட்கிறது, இரண்டாவது செயலைக் கேட்கிறது. முதல் வரி இல்லாவிட்டால் "ஒருவர் எனக்கு உதவி செய்தார்" என்று 32 பேரும் எழுதித் தருவார்கள். முதல் வரி இருந்தால், "அப்போது எனக்குக் கணக்குப் புரியவில்லை. ஒருவர் விடையைச் சொல்லாமல் எப்படிப் போடுவது என்று காட்டினார்" என்று வரும். தயாரிக்கப்பட்ட செயல்களையும் இந்த முதல் வரியே காட்டிக்கொடுத்துவிடும். பென்சிலை வேண்டுமென்றே கீழே போட்டவன் தேவை என்ன என்று எழுத முடியாமல் விழிப்பான். ஒரே வாசகம் மூன்று நான்கு சீட்டுகளில் அப்படியே வந்தால், பக்கத்தில் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். திட்ட வேண்டாம். மறுநாள் காலையில், நன்றாக எழுதப்பட்ட ஒரு சீட்டைப் படித்துக் காட்டினாலே போதும். எழுத்து இன்னும் கைவராத குழந்தை படம் வரையட்டும், அல்லது அது சொல்வதை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

சீட்டின் பின்பக்கத்தில், பென்சிலால், செய்தவரின் பெயரும் பெற்றவரின் பெயரும். அவை சார்ட்டில் ஒட்டப்பட்டதும் மறைந்துவிடும், உங்களுக்கு மட்டும் தெரியும். மாலையில் சீட்டுகளை வாங்கிக்கொண்டு போய், ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்தி போடுங்கள்: குழந்தையின் பெயர், இன்று பெற்றது, இன்று செய்தது. பெற்றவர் யார், செய்தவர் யார் என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். பத்து நிமிட வேலை. மறுநாள் காலையில் குழந்தைகளே சீட்டுகளை ஒட்டட்டும். எல்லோருக்கும் தெரிகிற சார்ட்டைவிட, யாருக்கும் காட்டாத இந்தக் குறிப்பேடுதான் வாரத்தை நடத்துகிறது. எதற்காக என்பது புதன்கிழமை தெரியும்.

இனி நாட்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஐந்து நிமிடம் பணியைச் சொல்ல, கடைசி வகுப்பில் பத்து நிமிடம் சீட்டு எழுத. இதற்கு மேல் நேரம் எடுத்தால் மற்ற ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

திங்கள் பார்க்கும் நாள். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தன் பெஞ்சில் இல்லாத ஒருவர், வேறு யாருக்காவது செய்த நல்லதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவே. இந்த ஒரு நாளைக்கு மட்டும் சீட்டின் முதல் வரியில் உள்ள "எனக்கு" என்பதை "அவருக்கு" என்று மாற்றுங்கள். பெஞ்சு விதி இல்லாவிட்டால் நெருங்கிய நண்பர்கள் ஒருவரை ஒருவர் எழுதிக்கொள்வார்கள். முதல் நாளே செயல் கேட்டால் குழந்தைகள் பெரிதாக எதையாவது செய்துகாட்ட முனைவார்கள். பார்க்கச் சொன்னால், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், கீழே விழுந்த பையை நிமிர்த்தி வைப்பதும்கூடக் கணக்கில் வரும் என்று தாங்களே கண்டுகொள்வார்கள். ஒரு தொல்லை நிச்சயம் வரும்: நாள் முழுக்க "டீச்சர், அவன் அடித்தான்" என்று குற்றங்களையும் கொண்டு வருவார்கள். காயமோ அச்சுறுத்தலோ என்றால் உடனே கவனியுங்கள். மற்றதற்கெல்லாம், "இன்று நல்லதை மட்டும்தான் தேடுகிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

செவ்வாய் பள்ளியில் இருக்கும் பெரியவர்களுக்கு நன்றி சொல்லும் நாள். துப்புரவுப் பணியாளர், காவலர், அலுவலக உதவியாளர், நூலகர், வாகன ஓட்டுநர் என்று உங்கள் பள்ளியில் யார் இருக்கிறார்களோ அவர்கள். 32 பேரையும் ஒன்றாக அனுப்பினால் பாவம் ஒரே மனிதரைச் சூழ்ந்துகொள்வார்கள், அவருக்கு வேலையும் கெடும், கூச்சமும் ஆகும். நான்கு பேர் கொண்ட எட்டுக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நேரமும் ஒருவரும் என்று ஒதுக்குங்கள். பெரியவர்கள் எட்டுப் பேர் இல்லையென்றால் ஒருவரிடமே இரண்டு குழுக்கள் வெவ்வேறு நேரத்தில் போகட்டும். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுங்கள். "நன்றி" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பாமல், ஒரு கேள்வியும் கேட்டுவர வேண்டும்: "நாங்கள் வருவதற்கு முன்னால் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" கேட்டு வந்ததே அன்றைய சீட்டில் வரும். எழுதுகிறவர்கள் குழந்தைகள், பெற்றதும் அவர்கள்தான் என்பதால் சார்ட்டின் விதி இங்கும் பொருந்தும்.

புதன்கிழமை இந்த வாரத்தின் நடுத்தூண், அதற்கு நிறைய யோசனை தேவை. பணி: ரகசிய நண்பர். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெயர் கிடைக்கும். அந்தக் குழந்தையை அன்று கவனித்து, அதற்கு உண்மையிலேயே தேவைப்படுகிற ஒரு சிறு செயலைச் செய்ய வேண்டும். யார் என்று வியாழன் காலை வரை சொல்லக் கூடாது. பொருள் எதுவும் வாங்கித் தரக் கூடாது, தின்பண்டம் கூடாது. பணம் உள்ள வீட்டுக் குழந்தை முந்திவிடும் என்பது ஒரு காரணம், ஒவ்வாமை இன்னொரு காரணம்.

இதைப் பெட்டியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு நடத்துவார்கள். அதில் சிக்கல்கள் உண்டு. தன் பெயரே தனக்கு வரும், மாற்றிக் கொடுத்தால் ரகசியம் போய்விடும். இரண்டு பேருக்கு ஒருவர் பெயர் மற்றவருக்கே வந்தால் அவர்கள் இருவரும் தனித் தீவாகிவிடுவார்கள். வராத குழந்தையின் பெயர் கிடைத்தவர் சும்மா நிற்பார். இதற்கெல்லாம் எளிய வழி சங்கிலி முறை. வருகைப் பதிவு முடிந்த பிறகு, வந்திருக்கும் குழந்தைகளின் பெயர்களை மட்டும் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்து, மேசையில் வட்டமாக வையுங்கள். ஒவ்வொருவருக்கும் வலப்பக்கத்தில் இருப்பவரின் பெயர். அவ்வளவுதான். தன் பெயர் தனக்கு வராது, எவரும் ஜோடியாக அடைபட மாட்டார்கள், எல்லோருக்கும் கொடுப்பவரும் பெறுபவரும் உண்டு. பாதி நாளில் ஒரு குழந்தை வீட்டுக்குப் போய்விட்டால், அதன் இடப்பக்கத்தவருக்கு வலப்பக்கத்தவரின் பெயரைக் கொடுத்தால் சங்கிலி மீண்டும் சேர்ந்துகொள்ளும். இந்த வட்டத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அன்றைய சீட்டில் செய்தவரின் பெயர் இருக்காது.

இப்போது குறிப்பேடு. செவ்வாய் மாலை அதைத் திறந்தால், சக குழந்தைகளின் எந்தச் சீட்டிலும் பெயர் வராத, அவர்களிடமிருந்து எதுவும் பெறாத குழந்தைகள் மூன்று நான்கு பேர் கண்ணில் படுவார்கள். ஆசிரியர் ஊகித்து வைத்திருக்கும் பெயர்களாகவே அவை இருக்கும் என்று நினைக்காதீர்கள். சத்தம் போடாத, மதிப்பெண் நன்றாக எடுக்கிற, யாருக்கும் தொல்லை தராத குழந்தைதான் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். வட்டத்தைக் கலைத்து வைத்த பிறகு, இந்த மூன்று நான்கு பேரின் இடப்பக்கத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பொறுப்பாகச் செய்கிற குழந்தை இல்லையென்றால் சீட்டை இடம் மாற்றுங்கள். முழுக்க முழுக்க அதிர்ஷ்டத்திற்கு விட்டால், தனிமையில் இருக்கும் குழந்தைக்குப் பணியை மறந்துவிடுகிற குழந்தை வாய்க்கக்கூடும். ரகசிய நண்பரே வராத குழந்தைக்கு அந்த நாள் மற்ற நாட்களைவிட மோசமான நாள். எனவே இந்த நாலு இணைப்புகளை மட்டும் கையால் வைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். குறிப்பேட்டில் இருபுறமும் வெற்றாக இருந்த ஒரு சிறுமி. அவளுக்கு வாய்த்தவன் வாயாடிப் பையன், ஆனால் சொன்ன வேலையைச் செய்பவன். முதல் இடைவேளைக்குப் பிறகு என்னிடம் வந்து, "அவளுக்கு எதுவுமே தேவையில்லை, வேறு பெயர் கொடுங்கள்" என்றான். "மதியம் வரை பார், பிறகு வா" என்று அனுப்பினேன். அவன் திரும்பி வரவில்லை. மதியம் குடிநீர்க் குழாயடியில் நடந்ததை நானே பார்த்தேன். அந்தச் சிறுமி பாட்டிலோடு வரிசையில் நிற்பாள், யாராவது முன்னால் புகுந்தால் ஒன்றும் சொல்லாமல் பின்னால் நகர்ந்துகொள்வாள். மணி அடித்ததும் பாட்டிலை நிரப்பாமலே வகுப்புக்குத் திரும்புவாள். இதை நான் அதுவரை கவனித்ததில்லை. அன்று அவன் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, புகுந்தவர்களிடம் "வரிசை இங்கே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளுடைய சீட்டில் இப்படி இருந்தது: "அப்போது எனக்குத் தாகமாக இருந்தது. ஒருவர் என் இடத்தைக் காப்பாற்றினார்." அடுத்த வாரமே குழாயடியில் இடைவேளைக்கு ஒரு வகுப்புத் தலைவரை நிற்க வைத்தோம். இப்படிப்பட்ட செய்திகள் சீட்டுகளில் வரும். பள்ளி சரிசெய்ய வேண்டியவை எவை என்று அவற்றிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பணி கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பவர்களுக்கு ஒரு துணை: "அவர் காலையில் எதற்குச் சிரமப்படுகிறார்? யாருமே இல்லாமல் எப்போது நிற்கிறார்? எதைச் செய்யும்போது முகம் மலர்கிறது?" இந்த மூன்று கேள்விகளையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மூன்றாவது கேள்வி முக்கியம். எல்லாச் செயலும் உதவியாக இருக்க வேண்டியதில்லை. நன்றாகப் படம் வரைகிறவனிடம் எப்படி வரைந்தாய் என்று கேட்பதும் அன்புதான். உதவியாக மட்டும் வைத்தால் சில குழந்தைகள் எப்போதும் உதவி பெறுபவர்களாகவே ஆகிவிடுவார்கள். உடற்குறையோ கற்றலில் சிரமமோ உள்ள குழந்தைகளுக்கு இது குறிப்பாக நடக்கும். அவர்களும் சங்கிலியில் கொடுப்பவர்களாக இருக்கிறார்கள் என்பதைக் குறிப்பேட்டின் மூன்றாவது பத்தியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வியாழன் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும் நாள். "தனியாக நிற்கும் ஒருவரை விளையாட அழையுங்கள்" என்று சொன்னால் நடப்பது வேறு. பத்துப் பேர் ஒரே குழந்தையை நோக்கி ஓடுவார்கள், அது வெட்கத்தில் சுருங்கிவிடும். அழைத்து வந்து ஓரத்தில் நிற்க வைத்துவிட்டு அழைத்தவர்கள் விளையாடுவதும் உண்டு. எனவே செவ்வாய்க்கிழமைக் குழுக்களை இரண்டிரண்டாகச் சேர்த்து எட்டுப் பேராக்குங்கள். ஒவ்வொரு எட்டுப் பேரும் அன்றைய இடைவேளைக்கு ஒரு விளையாட்டைக் காலையிலேயே முடிவு செய்து, யார் எந்த இடம் என்றும் பேசிக்கொள்ளட்டும். யாரும் யாரையும் இரக்கப்பட்டு அழைக்கவில்லை, எல்லோருக்கும் ஏற்கெனவே இடம் இருக்கிறது. சேர்ப்பதற்கான வாசகத்தையும் வகுப்பில் சொல்லிப் பழக்குங்கள். "நீயும் வருகிறாயா?" என்று கேட்டால் கூச்சமுள்ள குழந்தை "வேண்டாம்" என்றுதான் சொல்லும். "நாங்கள் இதை விளையாடுகிறோம், நீ இந்தப் பக்கம் நில்" என்றால் வந்துவிடும். ஓடியாடப் பிடிக்காதவர்களுக்குப் புள்ளி எழுதும் வேலையைக் கொடுக்கலாம். முற்றிலும் தனியாக இருக்க விரும்புகிற குழந்தையை விட்டுவிடுங்கள். அதுவும் அதன் உரிமை.

வெள்ளிக்கிழமைப் பணி: யாருக்கும் தெரியாமல் ஒன்று. யாருக்கு, என்ன என்பதைக் குழந்தையே தீர்மானிக்கும், எவரிடமும் சொல்லாது. செய்து முடித்ததும் வெற்று வண்ணச் சீட்டு ஒன்றை எடுத்துச் சார்ட்டில் தானே ஒட்டும். எழுத்து இல்லை, பெயர் இல்லை, முன்பக்கத்திலும் இல்லை பின்பக்கத்திலும் இல்லை. நான்கு நாள் சார்ட்டுக்காகச் செய்தார்களா என்ற கேள்விக்கு ஓரளவு விடை இந்தப் பத்தியில் கிடைக்கும். செய்யாமலே ஒட்டுகிறவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும், விசாரிக்காதீர்கள். ஒட்டாமல் விட்ட குழந்தை செய்யாதது என்றும் எண்ணிவிட வேண்டாம். இடம் காலியாக இருந்தால் அப்படியே விடுங்கள். அதை நிரப்பச் சொல்லித் தூண்டினால் முந்தைய நான்கு நாளின் வேலை வீணாகும்.

இந்த வாரத்தால் ஆகாத காரியம் ஒன்றும் இருக்கிறது. ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோ கும்பலோ தொடர்ந்து துன்புறுத்திக்கொண்டிருந்தால், அதற்கு அன்பு வாரம் மருந்தாகாது. துன்புறுத்தப்படும் குழந்தையிடம் "அவனிடமும் அன்பாக இரு" என்று சொல்லிவிடவே கூடாது. புதன்கிழமைச் சங்கிலியில் அந்த இருவரையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். அந்தச் சிக்கலைத் தலைமையாசிரியரோடும் பெற்றோரோடும் தனியாக எடுத்துப் பேச வேண்டும். அதேபோல் கட்டிப்பிடிப்பது, கைகோப்பது போன்ற தொடுதல்களைப் பணியாக வைக்கக் கூடாது. பிடிக்காத குழந்தைக்கு மறுக்க வழியில்லாமல் போய்விடும். வீட்டில் செய்யும் பணிகளையும் நான் தவிர்ப்பேன். வீடுகள் ஒன்றுபோல் இல்லை, நீங்கள் சரிபார்க்கவும் முடியாது, கடைசியில் பெற்றோர்தான் சீட்டு எழுதுவார்கள்.

எந்த வாரத்தில் வைப்பது என்றும் யோசியுங்கள். நவம்பர் 13 உலகக் கருணை நாள் என்பதால் அதை ஒட்டி வைக்கும் பள்ளிகள் உண்டு. நாளைவிட வகுப்பின் நிலை முக்கியம். குழந்தைகள் ஒருவரையொருவர் அறியாத முதல் வாரங்களில் வைத்தால் பெஞ்சுக்கு வெளியே எவரையும் கவனிக்க மாட்டார்கள். தேர்வு வாரத்தில் யாருக்கும் மனம் இருக்காது. விடுமுறை ஏதும் குறுக்கிடாத ஐந்து முழு நாட்கள் கட்டாயம் வேண்டும்.

ஒரு வாரத்தோடு நிறுத்தினால் பலன் எவ்வளவு என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கிறிஸ்டின் லேயஸ், சோன்யா லியூபோமிர்ஸ்கி முதலியோர் கனடாவின் வான்கூவர் நகரில், 9 முதல் 11 வயது வரையுள்ள மாணவர்களிடம் 19 வகுப்பறைகளில் நடத்தியது. ஒரு பகுதியினர் வாரத்திற்கு மூன்று அன்புச் செயல்கள் செய்தார்கள். மற்றவர்கள் வாரத்திற்கு மூன்று இடங்களுக்குப் போய்வந்தார்கள். நான்கு வாரம் நடந்தது. மகிழ்ச்சி இரு சாராருக்கும் கூடியது. ஆனால் அன்புச் செயல்கள் செய்தவர்களைச் சக மாணவர்கள் ஏற்றுக்கொள்வது குறிப்பிடத்தக்க அளவில் அதிகமாயிற்று. அங்கே மொத்தம் பன்னிரண்டு செயல்கள், நான்கு வாரங்களில் பரவலாக. உங்கள் வாரம் அதைவிடக் குறுகியது, குழந்தைகளும் இளையவர்கள். ஆகவே அன்பு வாரம் முடிந்த பிறகு, புதன்கிழமைச் சங்கிலியை மட்டும் இன்னும் மூன்று வாரம் தொடருங்கள். வாரம் ஒரு முறை, புதிய வட்டத்தோடு. சார்ட் தேவையில்லை, சீட்டும் தேவையில்லை, காலையில் ஐந்து நிமிடமும் உங்கள் குறிப்பேடும் போதும். பெரிய சார்ட்டை இரண்டு வாரம் சுவரில் விட்டு வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் தொங்கினால் கண்ணுக்குப் பழகி யாரும் படிக்க மாட்டார்கள்.

பலன் இருந்ததா என்று அறிய அந்த ஆய்வு பயன்படுத்திய வழியையே சிறிது எளிமையாக்கிக்கொள்ளலாம். அன்பு வாரத்திற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வகுப்புப் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுத்து, "யார் யாரோடு சேர்ந்து ஒரு வேலை செய்ய உனக்குப் பிடிக்கும்? எத்தனை பேரை வேண்டுமானாலும் வட்டமிடு" என்று கேளுங்கள். பிடிக்காதவர்களைக் கேட்கவே கூடாது. தாளில் தன் பெயரை எழுத வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் செய்து உங்களிடமே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை வட்டம் என்று எண்ணி, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தாள்களைக் கிழித்துவிடுங்கள். மூன்று வாரச் சங்கிலியும் முடிந்த பிறகு இதையே மறுபடி செய்யுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், ஏற்கெனவே நண்பர்கள் உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு வட்டம் கூடியிருப்பதில் பெரிய செய்தி இல்லை. முதல் முறை ஒரு வட்டமும் இரண்டு வட்டமும் பெற்ற குழந்தைகள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அவர்களில் எவருக்காவது எண்ணிக்கை நகரவில்லையென்றால், அடுத்த வாரம் அந்தக் குழந்தையின் பெஞ்சு இடத்தை மாற்றுங்கள், இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வகுப்பு வேலையில் புதன்கிழமை அதற்கு வாய்த்த ரகசிய நண்பரோடு சேர்த்து உட்கார வையுங்கள்.